அச்சு, மூட்டுக்கோடு, எழுத்துரு: போலி மெமரி கார்டையும் பென் டிரைவையும் கண்ணால் இனங்காணும் முறை

இந்த வழிகாட்டி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு அல்லது பென் டிரைவ் கைக்கு வந்தவுடன், அதை எந்தக் கருவியிலும் செருகுவதற்கு முன்பாக என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சமூக மன்றத்தில் இதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: எழுத்துருவை முதலில் பார்த்துவிட்டு, அது தங்களுக்குப் பழக்கமில்லாததாகத் தோன்றுவதால் அசல் கார்டைப் போலி என்கிறார்கள், அல்லது அச்சு பளிச்சென்று இருப்பதால் போலியை அசல் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு வரம்பை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்து ஒரு கார்டு போலி என்று முடிவுசெய்ய முடியும். ஆனால் அது அசல் என்று கண்ணால் மட்டும் உறுதிசெய்ய முடியாது. நன்றாக அச்சிடப்பட்ட போலிகள் இருக்கின்றன. கார்டு முழுவதையும் தரவால் நிரப்பித் திரும்பப் படிக்கும் இறுதிச் சோதனை மட்டுமே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

## 1. தொடங்கும் முன் வேண்டியவை

பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று வேண்டும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து நகைக்கடைகளில் பொற்கொல்லர் கண்ணில் வைத்துப் பார்க்கும் வகைதான் அது. செய்தித்தாள் படிக்கப் பயன்படும் பெரிய பூதக்கண்ணாடி இரண்டு அல்லது மூன்று மடங்குதான் பெருக்கும். கார்டின் சிறு எழுத்துகளில் மை பரவியிருக்கிறதா என்பதை அதில் காண முடியாது.

அடுத்து, ஒரு சிறிய எல்இடி டார்ச்சு. கைப்பேசியின் விளக்கும் போதும், ஆனால் அதைப் பக்கவாட்டில் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம்பகமான சான்று ஒன்று தேவை. அதே நிறுவனத்தின் அதே மாடல் கார்டு, அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடமிருந்து வாங்கியது கையில் இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். விற்பவரின் பக்கத்தில் இருக்கும் படத்தைச் சான்றாகக் கொள்ளக்கூடாது, ஏனென்றால் அந்தப் படம் நிறுவனத்திடமிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாமே தவிர, உங்களுக்கு அனுப்பப்பட்ட பொருளின் படமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கார்டை இப்போதைக்குக் கைப்பேசியில் செருக வேண்டாம். செருகினால் தொடுமுனைகளில் கீறல் விழும். பின்னர், இது பயன்படுத்தப்பட்ட பொருள் என்று விற்பவர் வாதிட இடம் கிடைக்கும்.

## 2. உறையைப் பிரிக்கும் முன்

மூடிய உறையின் இரு பக்கங்களையும் படம் எடுத்துவிட்டு, பிரிப்பதை ஒரே காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். உறையில் உள்ள மாடல் எண்ணையும் கொள்ளளவையும் வேகக் குறிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படியில் கார்டோடு ஒப்பிட அவை தேவைப்படும்.

இணையக் கடையில் வாங்கியிருந்தால், பொருள் கிடைத்துவிட்டது என்று உறுதிசெய்யும் பொத்தானை இறுதிச் சோதனை முடியும்வரை தொடக்கூடாது. விற்பவருக்குப் பணம் விடுவிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பொத்தானைப் பொறுத்தது. இந்தப் படியைத் தவறவிட்டவர்கள் மிகப் பலர்.

## 3. குறியீடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தல்

எழுத்துருவுக்கு முன்பாக இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்துரு நன்றாக இருக்கிறதா என்பது கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள கேள்வி. ஒரு கார்டில் அச்சிடப்பட்ட குறிகள் ஒன்றை ஒன்று மறுக்கின்றனவா என்பதோ விதிமுறை சார்ந்த கேள்வி, அதற்கு ஆம் அல்லது இல்லை என்று விடை கிடைத்துவிடும். போலி தயாரிப்பவர் பல கார்டுகளின் குறிகளைக் கலந்து அச்சிடும்போது இங்கேதான் முதலில் தவறுகிறார்.

முதலில் கொள்ளளவையும் அதற்கு அருகிலுள்ள சின்னத்தையும் பாருங்கள். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ள கார்டு எஸ்டிஎச்சி வகை, 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை உள்ளது எஸ்டிஎக்ஸ்சி வகை. 64 ஜிபி, 128 ஜிபி, 256 ஜிபி என்று எழுதப்பட்ட கார்டில் எச்சி சின்னம் இருந்தால் அதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

அடுத்து வேகக் குறிகள். சி எழுத்துக்குள் 10, யு எழுத்துக்குள் 1, வி10 ஆகிய மூன்றும் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் வேகத்தையே குறிக்கின்றன. யு எழுத்துக்குள் 3, வி30 ஆகிய இரண்டும் நொடிக்கு 30 எம்பியைக் குறிக்கின்றன. எனவே வி30 என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே யு எழுத்துக்குள் 1 போட்டிருக்கும் கார்டு தனக்குத் தானே முரண்படுகிறது. சி10 குறி மட்டும் யு3 உடன் சேர்ந்து வரலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

யு குறி இருக்கும் கார்டில், ரோமன் எண் ஒன்று அல்லது இரண்டு தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அது கார்டும் கருவியும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பாதையின் வகையைச் சொல்கிறது. அந்த ரோமன் எண்ணே இல்லாமல் யு3 மட்டும் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். ரோமன் இரண்டு இருந்தால் கார்டைத் திருப்பிப் பாருங்கள்: அந்த வகைக்குத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். வி60, வி90 என்ற குறிகளுக்கும் அதே இரண்டாம் வரிசை வேண்டும். முன்பக்கத்தில் வி90, பின்பக்கத்தில் ஒரே வரிசை என்றால் அந்த அச்சு பொய்.

கடைசியாக, உறையிலிருந்து எழுதிக்கொண்ட குறிகளோடு கார்டின் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். செயலிகளை இயக்கும் திறனைச் சொல்லும் ஏ குறி, உறையில் ஏ2, கார்டில் ஏ1 என்று இருப்பது போன்ற வேறுபாடு கண்ணுக்கு எளிதில் படாது. எழுதி வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

## 4. எழுத்துருவையும் சின்னத்தையும் உருப்பெருக்கியில் பார்த்தல்

இங்கே தேட வேண்டியது அழகை அன்று. ஒவ்வோர் எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் திறந்திருக்கிறதா, கோடுகளின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி சான்றுக் கார்டில் உள்ளதுபோல் இருக்கிறதா என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்டி சின்னம்தான் இதற்கு மிகச் சிறந்த இடம். அதிலுள்ள டி எழுத்து, ஒளி படும் வட்டத்தட்டைப் போல, மெல்லிய கீற்று இடைவெளிகளோடு வரையப்பட்டது. அசல் அச்சில் அந்தக் கீற்றுகள் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். சின்னத்தைப் படத்திலிருந்து எடுத்து மறுபடி வரைந்த போலியில், கீற்றுகள் மையால் அடைபட்டிருக்கும், அல்லது அவற்றின் சாய்வு மாறியிருக்கும். மைக்ரோ என்ற சிறிய சொல்லில் உள்ள வட்ட எழுத்துகளின் நடுவிலும் இதே அடைப்பைக் காணலாம்.

பிறகு பெரிய எண்களுக்கு வாருங்கள். கொள்ளளவின் எண்ணும் அதற்கடுத்த ஜிபி என்ற எழுத்துகளும் ஒன்றுக்கொன்று என்ன அளவில் இருக்கின்றன, அடிக்கோடு ஒன்றா, கார்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். குறைந்த கொள்ளளவுள்ள கார்டின் அச்சு வடிவத்தை எடுத்து எண்ணை மட்டும் மாற்றியிருந்தால், அந்த எண் மட்டும் மற்ற எழுத்துகளோடு ஒட்டாத எழுத்துருவில் இருக்கும். 2, 5, 6 ஆகிய எண்களின் வளைவுகளில் இது விரைவில் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் கார்டுகளின் வடிவமைப்பை மாற்றுகின்றன. ஆகவே, பழைய கார்டோடு ஒப்பிட்டு வேறுபாடு கண்டால் உடனே முடிவுகட்டாமல், மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பு நாடு மாறியிருப்பதும் சான்றாகாது, ஒரே மாடலைப் பல நாடுகளில் செய்யும் நிறுவனங்கள் உண்டு.

## 5. மேற்பரப்பைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தல்

என் அனுபவத்தில் மிகுதியும் பயன் தரும் படி இதுதான், மிகக் குறைவானவர்கள் செய்வதும் இதுதான். டார்ச்சை மேசையோடு சேர்த்துத் தாழ்வாகப் பிடித்து, ஒளி கார்டின் மேல் வருடிச் செல்லும்படி வைத்து, கார்டை மெல்லச் சுழற்றுங்கள்.

பின்பக்கத்தில் உள்ள எண்களை முதலில் பாருங்கள். லேசரால் பொறிக்கப்பட்ட எழுத்து கறுப்புப் பரப்பின் நிறத்தையே வெளிறச் செய்கிறது. அதற்கு உயரம் கிடையாது, ஓரம் மேடாகத் தெரியாது. மையால் அச்சிட்ட எழுத்தோ பரப்பின் மேல் அமர்ந்திருப்பதால், பக்க ஒளியில் அதன் விளிம்பு மின்னும். இரண்டு முறைகளையுமே அசல் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எனவே சான்றுக் கார்டில் லேசர் இருக்கும் இடத்தில் இதில் மை இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்து பரப்பின் தன்மை. ஒருவகைப் போலி, குறைந்த கொள்ளளவுள்ள உண்மையான கார்டின் முகத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, புதிதாக அச்சிட்டுச் செய்யப்படுகிறது. அப்படிப்பட்ட கார்டில் முகம் ஒரு தன்மையாகவும் பக்க விளிம்பு வேறு தன்மையாகவும் இருக்கும்: முகம் மங்கலாக இருந்தால் விளிம்பு பளபளக்கும். பக்க ஒளியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய தேய்ப்புக் கோடுகள் தெரியலாம். சில வேளைகளில், புதிய அச்சுக்கு அடியில் பழைய பொறிப்பின் நிழலே தெரியும்.

மைக்ரோ எஸ்டி கார்டின் ஒரு முனையில், நகத்தால் பிடித்து இழுப்பதற்காக ஒரு மேடு இருக்கிறது. கார்டின் மற்ற பகுதி 0.7 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அந்த மேட்டில் மட்டும் 1 மில்லிமீட்டர். தேய்க்கப்பட்ட கார்டில் இந்த மேட்டின் ஓரம் கூர்மை இழந்து வழுவழுப்பாகியிருக்கும்.

நகத்தால் சுரண்டியோ ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோ மையைச் சோதிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அசல் கார்டின் மையும் அப்படிக் கரையலாம் என்பதால் எதுவும் நிரூபணமாகாது. மேலும், சேதப்படுத்திய பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகும்.

## 6. விளிம்பும் மூட்டுக்கோடும்

மூட்டுக்கோடு தெரிந்தாலே போலி என்று சிலர் நினைக்கிறார்கள். பொருளின் வகையைப் பொறுத்து விடை நேரெதிராக மாறும் என்பதால், இதைச் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மைக்ரோ எஸ்டி என்பது உள்ளே வெற்றிடமுள்ள பெட்டியன்று. தொடுமுனைகள் உள்ள மெல்லிய சுற்றுப்பலகையின் மேல் சிப்புகளை வைத்து, முழுவதையும் கறுப்புப் பிசினால் வார்த்து, பின்னர் வெட்டி எடுக்கிறார்கள். ஆகவே விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய பலகை அடுக்கும் தடித்த பிசின் அடுக்கும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் சந்திக்கும் மூட்டுக்கோடு இருக்கவே கூடாது. நகம் நுழையும் பிளவு இருந்தால், அது மைக்ரோ எஸ்டி போல உருவாக்கப்பட்ட வேறொன்று.

கேமராவில் பயன்படும் பெரிய எஸ்டி கார்டு வேறு. அதன் தடிமன் 2.1 மில்லிமீட்டர், இரண்டு பிளாஸ்டிக் மூடிகளை ஒலியதிர்வால் பற்றவைத்துச் செய்யப்பட்டது. அங்கே மூட்டுக்கோடு இருப்பதுதான் இயல்பு. பார்க்க வேண்டியது அது நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா, மூலைகளில் விரிந்திருக்கிறதா, பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பவற்றை. எழுதுவதைத் தடுக்கும் சிறு நெம்பியையும் தள்ளிப் பாருங்கள். அசலில் இரு முனையிலும் நின்று பிடிக்கும், மலிவான போலியில் குலுக்கினாலே நகரும்.

பின்பக்கத்தில், கறுப்புப் பூச்சுக்கு அடியில் வட்டங்களாகவும் கட்டங்களாகவும் மங்கலான தடங்கள் தெரிவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அவை தொழிற்சாலைச் சோதனைக்கான முனைகள். அசல் கார்டுகளிலும் அவை உண்டு.

## 7. பென் டிரைவில் மாறுபடும் இடங்கள்

முதலில் யுஎஸ்பி முனைக்குள் டார்ச்சு அடித்துத் தொடுமுனைகளை எண்ணுங்கள். அகலமான சாதாரண யுஎஸ்பி முனையில், 2.0 வகைக்கு நான்கு தொடுமுனைகள் இருக்கும். 3.0 அல்லது அதற்கு மேல் என்றால், அந்த நான்கோடு உள்ளே இன்னும் ஐந்து சேர்ந்து ஒன்பதாக இருக்க வேண்டும். உறையில் 3.2 என்று போட்டு உள்ளே நான்கு மட்டும் இருந்தால் அச்சு பொய் சொல்கிறது. முனைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கின் நீல நிறத்தை நம்ப வேண்டாம்: அசல் 3.2 டிரைவிலும் அது கறுப்பாக இருக்கலாம், நான்கு முனை உள்ள போலியிலும் அது நீலமாக இருக்கலாம்.

உலோக முனையின் ஒரு பக்கத்தில், தகட்டின் இரு ஓரங்கள் பல்வைத்துக் கோத்ததுபோன்ற இணைப்பு இருக்கும். தகட்டை மடித்துச் செய்வதால் அது வருகிறது, குறையன்று. முனை உடலுக்குள் நுழையும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே நான்கு பக்கமும் இடைவெளி சமமாக இருந்து, முனையை மெல்ல அசைத்தால் ஆடாமல் இருக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் இந்த உலோக முனையின் மேல் மாடல் எண்ணையும் தொகுதி எண்ணையும் லேசரால் பொறிக்கின்றன. சான்றில் பொறிப்பு இருந்து உங்களுடையதில் வெற்றாக இருந்தாலோ, பொறிப்பு சாய்ந்தோ ஆழம் மாறியோ இருந்தாலோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரைவுகளில் ஒரே எண் இருப்பது மட்டும் குற்றமாகாது. அது தொகுதி எண்ணாக இருந்தால் ஒரே தொகுதியில் செய்யப்பட்ட எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய வரிசை எண் ஒன்றாக இருந்தால்தான் பிரச்சினை.

## 8. ஒரு கார்டை முழுதாகப் பார்த்த விதம்

திருமணங்களைக் காணொளி எடுக்கும் நண்பர் ஒருவர், இணையத்தில் வாங்கிய 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டுகள் இரண்டைக் கொண்டுவந்தார். உறையில் எஸ்டிஎக்ஸ்சி, ரோமன் ஒன்று, யு3, வி30, ஏ2 என்று இருந்தது. கார்டில் எக்ஸ்சி சின்னம் சரியாக இருந்தது, ரோமன் ஒன்றும் இருந்தது, வி30 இருந்தது, ஆனால் யு எழுத்துக்குள் இருந்தது 1. உறையோடும் ஒத்துப்போகவில்லை, தன் வி30 குறியோடும் ஒத்துப்போகவில்லை. நண்பர் அதுவரை அந்தச் சிறிய எண்ணைக் கவனிக்கவில்லை.

எழுத்துரு ஏமாற்றும் அளவுக்கு நன்றாகவே இருந்தது. 256 என்ற எண்ணில் குறைசொல்ல ஒன்றுமில்லை. சின்னத்தின் டி எழுத்தில் மட்டும் கீற்றுகள் பாதி அடைபட்டிருந்தன. பக்க ஒளியில் வைத்தபோதுதான் ஐயம் உறுதியாயிற்று: முகம் மங்கல், விளிம்பு பளபளப்பு, நக மேட்டின் ஓரம் மழுங்கல். இரண்டு கார்டுகளின் பின்புறத்திலும் ஒரே எண் இருந்ததை நண்பர் பெரிதாகச் சுட்டிக்காட்டினார். அது வரிசை எண்ணா தொகுதி எண்ணா என்று தெரியாத நிலையில் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் கணினியில் செருகினோம். கணினி 238 ஜிபி என்று காட்டியது. இந்த எண்ணைப் பார்த்துப் போலி என்று சொல்லிவிடக்கூடாது. நிறுவனங்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகின்றன, விண்டோஸ் 107 கோடிக்கும் மேலாக எண்ணுகிறது. அசல் 256 ஜிபி கார்டும் ஏறத்தாழ 238 என்றே காட்டும். போலியும் அதையே காட்டும், ஏனென்றால் கார்டின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பே பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது.

எனவே கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் H2testw என்ற இலவச நிரல் இதைச் செய்யும். லினக்ஸிலும் மேக்கிலும் F3 உண்டு:

```
f3write /media/card
f3read /media/card
```

`/media/card` என்ற இடத்தில் உங்கள் கணினியில் கார்டு திறக்கும் பாதையை இடுங்கள். கார்டு காலியாக இருக்க வேண்டும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் 256 ஜிபியை நிரப்ப மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு நான்கைந்து படங்களை மட்டும் ஏற்றித் திறந்து பார்ப்பது சோதனையாகாது. உண்மையான கொள்ளளவு தீரும்வரை போலியும் ஒழுங்காகவே வேலைசெய்யும்.

நண்பரின் கார்டில் எழுதும் பகுதி பிழையேதும் காட்டாமல் முடிந்தது. படிக்கும்போது `Data OK` வரியில் ஏறத்தாழ 29 ஜிபியும், மிச்சம் முழுவதும் `Data LOST` வரியிலும் வந்தன. 32 ஜிபி கார்டு ஒன்றைத் தேய்த்து 256 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது கார்டும் அப்படியே.

## 9. போலி என்று தெரிந்தபின்

சோதனை முடிவின் திரைப்பிடிப்பையும், உறை பிரித்த காணொளியையும், குறிகள் முரண்படும் இடத்தின் அண்மைப் படத்தையும் சேர்த்து விற்பவருக்கும் இணையக் கடைக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். எழுத்துரு சரியில்லை என்று எழுதினால் விவாதம் நீளும். 256 ஜிபி என்று விற்ற கார்டில் 29 ஜிபிதான் தங்குகிறது என்பதை முதல் வரியில் எழுதி, அச்சு முரணை இரண்டாவதாக வையுங்கள்.

விற்பவர் சிங்கப்பூரில் வணிகம் நடத்துபவராக இருந்தால், பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதி இது. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விற்பவரிடம் இவை எளிதில் செல்லாது. அவரிடம் வாங்கியிருந்தால் இணையக் கடையின் பணத்திருப்பக் காலக்கெடு முடியும் முன் முறையிடுவதுதான் ஒரே நடைமுறை வழி.

பணம் திரும்பி, கார்டும் உங்களிடமே இருந்துவிட்டால், அதை வேறொருவருக்கு மலிவாக விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ வேண்டாம். போலி வணிகக்குறி கொண்ட பொருளை விற்பது சட்டப்படி குற்றம். கொடுத்தால், வாங்கியவரின் படங்கள் 29 ஜிபிக்கு அப்பால் காணாமல் போகும். தொடுமுனைப் பக்கத்தை வெட்டி, அடுத்த கார்டை ஒப்பிடுவதற்கான போலி மாதிரியாக, குறிப்பு எழுதிய சிறு உறையில் உருப்பெருக்கியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.